நான்காம் கேமராவின் கேபிள்

ஓட்டப் பந்தயத்தின் எல்லைக் கோட்டில் நின்ற நான்காம் கேமராவின் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெறித்தன. பிறகு திரை ஒரேயடியாகக் கறுத்தது. ஒளிபரப்பு வண்டிக்குள் என் அண்ணன், அதாவது முதலாளி, மைக்கை அழுத்தினான். அதில் பேசுவது மைதானத்திலிருந்த கேமராக்காரர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்.

"நாலாம் நம்பர், பிளக்கை மாட்டக்கூடத் தெரியாதா? எறங்கு. மச்சான், நீ போய் நில்லு."

நாலாம் நம்பரில் நின்றவரை நாங்கள் ஒல்லி என்போம். "கேபிளைப் பாருங்க சார்" என்று மட்டும் சொன்னார். மச்சான், அதாவது அண்ணியின் தம்பி, கேமராவைப் பிடித்த பிறகும் திரை கறுப்புதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வண்டிக்கு இன்ஜினியர் நான். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேபிளைத் தொட்டுக்கொண்டே நடந்தேன். மச்சான் அதை வேலியோரமாக ஊரைச் சுற்றி இழுத்திருந்தார். பார்வையாளர் அரங்கின் மாடிப்படிக்கு அடியில் எங்கள் நீலக் கேபிள் முடிந்து, ஒரு இணைப்பான் வழியே கறுப்புக் கேபிள் தொடங்கியது. அதன் மேல் ஐம்பது ஓம் என்று அச்சடித்திருந்தது. வீடியோவுக்கு எழுபத்தைந்து வேண்டும். இது வயர்லெஸ் ஆன்டெனாவுக்குப் போடுகிற சரக்கு.

"மீட்டர் வெச்சுப் பாத்தேன், பீப் அடிச்சுதே" என்றார் மச்சான்.

"கம்பி அறுந்திருக்கான்னுதான் மீட்டர் சொல்லும். எழுபத்தஞ்சும் அம்பதும் சேர்ற எடத்துல சிக்னல் கொஞ்சம் திரும்பி ஓடும், பின்னால வர்றதோட மோதும். ஆபீஸ்ல ரெண்டு மீட்டர் நீளத்துக்குப் போட்டா படம் வந்திருக்கும். நம்ம நீலக் கேபிளே இந்தப் படத்துக்கு நூறு மீட்டர்தான் தாங்கும். நீங்க அதையும் தாண்டி இந்தக் கண்றாவிய ஒட்டியிருக்கீங்க."

கறுப்பைக் கழற்றி வீசினேன். நீலத்தை அரங்கின் அடி வழியே நேராக இழுத்தேன். எண்பது மீட்டருக்குள், நடுவில் ஒட்டே இல்லாமல் வண்டியை எட்டியது. படம் பளிச்சென்று நின்றது.

வண்டிக்குத் திரும்பியதும் அண்ணன் மெல்லச் சொன்னான். "ஆயிடுச்சுல்ல, விடு. மச்சான்கிட்ட ஒண்ணும் கேக்காத. வீட்ல சண்டை வரும்."

"ஒல்லி?"

"போகட்டும். இனி கூப்பிட்டா எனக்குத்தான் அசிங்கம்."

பத்து வருஷமாக வெயிலில் நின்ற மனுஷன். தப்பு செய்தவன் சொந்தக்காரன் என்பதற்காக அவர் பிழைப்பு போக வேண்டுமா? கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் வண்டியின் பின்பலகைக்குப் போய் நாலாம் பிளக்கைத் திருகி இழுத்தேன். திரை மறுபடி கறுத்தது. வெளியே ஓட்டக்காரர்கள் வரிசையில் வந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

"பைத்தியமா உனக்கு? சொருகுடீ."

"திட்டினது எல்லார் காதுலயும்தானே. மன்னிப்பும் அதுலயே கேளுண்ணா."

முறைத்தான். நான் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் மைக்கை அழுத்தினான்.

"ஒல்லி... தப்பு உங்க மேல இல்ல. மச்சான் போட்ட கேபிள் தப்பு. திட்டினதுக்கு மன்னிச்சுக்குங்க. வந்து கேமராவைப் பிடிங்க."

ஒல்லி இன்னும் ஹெட்போனைக் கழற்றியிருக்கவில்லை. அவர் குரல் வந்தது.

"பிடிச்சுட்டேன் சார். இந்தப் பந்தயத்துக்கு மட்டும். நாளைலேர்ந்து வேற ஆளைப் பாத்துக்குங்க."

பிளக்கைச் சொருகித் திருகினேன். படம் அசையாமல் நின்றது.