ஒரு கட்டத்தில் அடித்தது ஏழு தாள்களிலும்

எங்கள் தண்ணீர் பரிசோதனைக்கூடத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு எக்செல் தாள். அனுப்ப வேண்டிய தாள்களை கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு தேர்ந்தெடுத்து, நான் எழுதிய மேக்ரோ நிரலை ஓட்டினால் போதும். ஒவ்வொரு தாளும் தனித்தனி பிடிஎஃப் ஆகி, அதிலுள்ள வாடிக்கையாளர் பெயரிலேயே சேமிப்பாகும். பழைய கோப்பு இருந்தால் கேட்காமலே அதன்மேல் எழுதிவிடும். வேலை முடிந்த பின்னும் அந்தத் தாள்கள் தேர்விலேயே நிற்கும். எங்கள் மேலாளர் சரிபார்க்க வேண்டுமாம், அப்படித்தான் கேட்டார்.

"சார், அப்படியே எதையும் டைப் பண்ணிடாதீங்க. ஒண்ணுல அடிச்சா எல்லாத்துலயும் ஏறிடும். முதல்ல வேற தாளை க்ளிக் பண்ணுங்க." தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பினேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை அனுப்பிய ஏழில் ஒன்று அக்கா வீட்டு ஆழ்துளைக் கிணறு. நைட்ரேட் எக்கச்சக்கம். அக்காவின் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மாவு கரைக்கவே கூடாது, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து உடம்பு நீலம் பாரித்துவிடும். முன்கூட்டியே அக்கா புருஷனான மாமாவிடம் சொன்னேன்.

"எழுத்துல வரட்டும் பாக்கலாம். அதுவரைக்கும் கேன் தண்ணி வாங்கறேன்," என்றார் மாமா. எப்போதும் அப்படித்தான், மனுஷன் காகிதத்தைத்தான் நம்புவார்.

ஏழு பிடிஎஃப்களையும் எடுத்து வைத்துவிட்டு, மேலாளர் சரிபார்த்து அனுப்பட்டும் என்று நான் கிளம்பினேன். திங்கட்கிழமை வந்து கோப்பைத் திறந்தேன். தலைப்பில் 'குரூப்' என்று நின்றது. ஏழு தாள்களும் இன்னும் தேர்விலேயே இருந்தன. முடிவுக் கட்டத்தைப் பார்த்தேன். ஏழிலும் 'குடிக்க உகந்தது'.

"நீ கிளம்பின பிறகு ஒரு உணவகம் மறுபரிசோதனையில தேறிடுச்சும்மா. அதோட முடிவை மட்டும் மாத்தி, மறுபடி மேக்ரோவை ஓட்டி அனுப்பிட்டேன்," என்றார் மேலாளர் சாவகாசமாக. அக்காவின் தாளில் நைட்ரேட் எண் அப்படியேதான் இருந்தது. கீழே உள்ள அந்த ஒரு வரிதான் மாறியிருந்தது. எண்ணை யார் படிக்கிறார்கள்?

அக்காவை அழைத்தேன்.

"ரிப்போர்ட் வெள்ளிக்கிழமையே வந்துடுச்சு. சும்மா பயமுறுத்திட்டியேன்னு உங்க மாமா சிரிச்சார். கேனை நிறுத்தியாச்சு."

"அக்கா, குழந்தைக்கு?"

"நம்ம தண்ணிதான். நல்லா கொதிக்க வச்சுத்தான் கரைக்கிறேன்."

கொதித்தால் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்றி இன்னும் கூடும்.

"எப்படி இருக்கான்?"

"காலையிலேருந்து தூங்கிட்டே இருக்கான். எழுப்பினாலும் கண்ணைத் திறக்கல. உதடு வேற ஒரு மாதிரி நீலமா இருக்கு. குளிர்னு நினைச்சு போர்த்தி விட்டேன்."

"உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு அக்கா. தண்ணியில நைட்ரேட்னு சொல்லு. நான் நேரா அங்க வரேன்."

போனை மாமா வாங்கினார்.

"என்ன சொல்ற நீ? உகந்ததுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்திருக்கீங்க," என்றார்.