என்டரின் மேல்பாதி

ஆஸ்பத்திரி மேற்பார்வையாளர் போனில் கேட்டபோதுதான் அவளுக்கே தெரிந்தது.

"ஏம்மா, ரிப்போர்ட்ல ஒவ்வொரு பத்தி முடிஞ்சதும் ஒரு சாய்ஞ்ச கோடு வருதே, கவனிக்கலையா?"

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதை வீட்டிலிருந்து தட்டச்சு செய்துகொடுப்பது அவள் வேலை. கணவன் புரோகிராமர். பகலில் அவள், மாலையில் அவன் என்று ஒரே மேசையில் ஒரே கீபோர்டில் குடும்பம் நடந்தது. அவன் திடுதிப்பென்று போய்ச் சேர்ந்தான். அடுத்த மாதமே கீபோர்டும் மண்டையைப் போட்டது. நிறம் பிடித்திருந்ததென்று வெளிநாட்டிலிருந்து ஒன்றை வரவழைத்தாள். எழுத்துகள் பொருந்த வேண்டுமென்று கம்ப்யூட்டரின் அமைப்பையும் அந்த நாட்டுக்கு மாற்றியிருந்தாள்.

கம்ப்யூட்டரையும் இரண்டு கீபோர்டுகளையும் தூக்கிக்கொண்டு பழுதுபார்க்கும் கடைக்குப் போனாள். கடைக்காரர் பார்த்ததுமே சிரித்தார்.

"இது கோளாறே இல்லக்கா. உங்க பழசு ஐஎஸ்ஓங்கிற கீபோர்டு வகை. என்டர் ரெண்டு வரிசைக்கு உசரமா நிக்கும். புதுசு ஆன்சி. என்டர் ஒரே வரிசைல படுத்திருக்கும். பழசுல என்டரோட மேல்பாதி இருந்த எடத்துல இதுல சாய்கோடு இருக்கு. பழக்கத்துல விரல் மேல போவுது."

"கட்டையை மட்டும் மாத்த முடியாதா?"

"உள்ள இருக்கிற தகடே வேறக்கா."

"ஆனா நான் கீழ்பாதியிலதான் அடிப்பேன்."

அவர் நம்பவில்லை. அங்கேயே புதுசில் அடித்துக் காட்டினாள். ஒரு கோடுகூட விழவில்லை. கடைக்காரர் பழைய என்டரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கீழே லேசான மினுமினுப்பு. மேலே எழுத்தே அழிந்து வழவழவென்று ஒரு பள்ளம்.

"அப்ப இது யாரு?"

மேல்பாதியில் ஓங்கித் தட்டுவது அவன் வழக்கம். 'மெதுவா அடிங்க, மேசை ஆடுது' என்று அவள் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறாள்.

"திருப்பி அனுப்பிடுங்க. இல்லாட்டி சாய்கோடும் என்டராவே வேலை செய்யுற மாதிரி கம்ப்யூட்டர்ல மாத்தித் தர்றேன்."

"மாத்திக் குடுங்க."

மறுநாள் காலை, ஜன்னல் வழியே வெயில் மேசைமேல் விழுந்திருந்தது. காதில் ஒரு டாக்டரின் குரல். முதல் பத்தியை முடித்து என்டரைத் தட்டினாள். விரலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விரல் கீழேதான் இருந்தது. திரையில் கோடு இல்லை. ஆனால் ஒரு வரி இறங்க வேண்டிய கர்சர் இரண்டு வரி இறங்கி நின்று மினுக்கியது. மேசை லேசாக ஆடியது.

எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. பிறகு, ஏனென்று தெரியாமல், நாற்காலியைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி, என்டர் பக்கம் இடம் விட்டுப் போட்டுக்கொண்டாள்.

"சரி, அடிங்க," என்றாள். "ரிப்போர்ட்டை அனுப்பறதுக்கு முன்னாடி நான் சரி பண்ணிக்கறேன்."