கடைசி ‘உரிய’

ஆஸ்பத்திரியின் கணக்குப் பிரிவில் அவளுக்குச் ‘சல்லடை’ என்று பட்டப்பெயர். பில்லில் ஒரு புள்ளி பிசகினாலும் பிடித்துவிடுவாள். பதினோரு வருஷமாகச் சலித்துச் சலித்து, இப்போது அவளுக்கே எல்லாம் சலித்துவிட்டது என்பது வேறு விஷயம்.

அந்தச் சல்லடையின் தலையில்தான் வெண்டார் பேமெண்ட் பாலிசியை, அதாவது சப்ளை செய்பவர்களுக்குப் பணம் கொடுக்கும் விதிகளைத் திருத்தி எழுதும் வேலை வந்து விழுந்தது. கையுறை சப்ளை செய்தவர் பணம் வராத கோபத்தில் சரக்கை நிறுத்த, ஆபரேஷன் தியேட்டர் ஒரு நாள் முழுக்க அல்லாடியது. அதற்குப் பிறகுதான் மேலிடத்துக்கு ஞானம் பிறந்தது.

“ஆதியோடந்தமா எழுதிடும்மா. யார் படிச்சாலும் புரியணும்,” என்றார் நிதி மேலாளர். எதைக் கேட்டாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்பவர். அதனால் முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் ‘நாளை சார்’.

பழைய பாலிசியைப் பிரித்தாள். ‘உரிய ஆவணங்களுடன் வரும் பில், உரிய அதிகாரியால் சரிபார்க்கப்பட்டு, உரிய காலத்தில் பட்டுவாடா செய்யப்படும். உரிய காரணம் இருப்பின் நிறுத்தி வைக்கப்படலாம்.’ மூன்றே பக்கத்தில் பதினேழு ‘உரிய’. பார்க்க மரியாதையான சொல்தான், ஆனால் உள்ளே கையை விட்டால் ஒன்றும் அகப்படாது. வரிசையோ அதைவிடக் கூத்து. தகராறு வந்தால் என்ன செய்வது என்பது முதல் பக்கத்தில் இருந்தது. பில்லை எங்கே அனுப்புவது என்பது கடைசிப் பக்கத்தில்.

ஒவ்வொரு ‘உரிய’வையும் பிடித்து உட்காரவைத்து விசாரித்தாள். எந்த ஆவணம்? பில் நம்பர், தேதி, பர்ச்சேஸ் ஆர்டர் நம்பர், அளவு, விலை, வரி, சரக்கை வாங்கியவர் கையெழுத்திட்ட சீட்டு. எங்கே? ஒரே ஒரு ஈமெயில் முகவரிக்கு. பிழை இருந்தால்? மூன்று வேலை நாளுக்குள், எல்லாப் பிழையையும் ஒரே தடவையில் எழுதித் திருப்ப வேண்டும். இன்றைக்கு ஒன்று, அடுத்த வாரம் இன்னொன்று என்று இழுக்கக் கூடாது. எப்போது பணம்? சரியான பில் வந்து சேர்ந்த தேதியிலிருந்து முப்பது நாளுக்குள். அதிகாரி கையெழுத்துப் போட்ட தேதியிலிருந்து அல்ல. அவர் எப்போது போடுவார் என்பது அவருக்கே தெரியாது.

அவள் இதைத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் லாண்டரி அக்கா வந்து எதிரே நின்றாள். வார்டுகளின் போர்வையையும் விரிப்பையும் துவைத்துக் கொடுப்பவள். சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த கைகளை மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டாள்.

“உக்காருங்கக்கா.”

“உக்காந்தா எந்திரிக்க மாட்டேம்மா. ரெண்டு மாச பில்லு. முப்பத்தெட்டு விரிப்பு குறையுதுன்னு வார்டுல சொல்றாங்க. நான் இல்லைங்கறேன். சரி, அந்த முப்பத்தெட்டுக்குப் பிடிச்சு வைங்க. மத்த ஆயிரக்கணக்கான உருப்படிய நான் துவைக்கவே இல்லையா?”

“ப்ராசஸ்ல இருக்குக்கா,” என்றது சல்லடையின் வாய். மனசைக் கேட்டுப் பேசும் பழக்கம் அந்த வாய்க்கு விட்டுப்போய் எத்தனையோ காலமாகிவிட்டது.

“எங்கிட்ட அஞ்சு பேரு வேலை செய்யுதுங்க. சம்பளம் குடுத்து ரெண்டு மாசம். இந்த வாரம் வரலைன்னா மூணு பேரு வேற கம்பெனிக்குப் போயிடுவாங்க. ரெண்டு பேரை வெச்சு உங்க ஆஸ்பத்திரிய என்னால துவைக்க முடியாது. மிஷினை வித்துட்டு வீட்டுல உக்கார வேண்டியதுதான்.” குரலை உயர்த்தவே இல்லை. சண்டை போட்டிருந்தால் கூடத் தேவலை.

அன்று வீட்டுக்குப் போனவள் செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் சரிந்தாள். அவள் கணவர் அடுப்படியில் இருந்தார். “அப்பா, சாப்பாடு எப்போ?” என்று மகள் கத்த, “ப்ராசஸ்ல இருக்குடி!” என்று பதில் வந்தது. அப்பாவும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீட்டில் வெகு நாளாக ஓடும் ஜோக். அன்று அவளுக்கு அழுகை வந்தது.

“என்னாச்சு?” என்று கரண்டியோடு ஓடி வந்தார் கணவர்.

“ஒண்ணுமில்லீங்க. இனிமே அந்த ஜோக் வேணாம்.”

மறுநாள் தகராறு பகுதியை எழுதி முடித்தாள். எந்த வரி, எவ்வளவு தொகை என்று எழுத்தில் சொன்ன பிறகே ஆட்சேபம் ஆட்சேபம் ஆகும். ஆட்சேபித்த தொகையை மட்டும் நிறுத்தலாம், மீதியைத் தவணை தவறாமல் கொடுத்துவிட வேண்டும். முதலில் துறைத் தலைவரும் வெண்டாரும் பேச வேண்டும். ஏழு வேலை நாளில் தீராவிட்டால் நிதி மேலாளர் எழுத்தில் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் தீராவிட்டால் நிர்வாக அதிகாரி. ஒரு படியை விட்டுவிட்டு அடுத்த படிக்குத் தாவக் கூடாது, ஒரே படியில் படுத்துத் தூங்கவும் கூடாது.

நாளை சார் பொறுமையாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எல்லாம் பிரமாதம். ஒண்ணே ஒண்ணு. ‘உரிய காரணம் இருந்தா நிறுத்தலாம்’னு இருந்துச்சே, அதை மட்டும் விட்டு வை.”

“என்ன காரணம்னு சொல்லுங்க சார். அதையே எழுதிடறேன்.”

“எல்லாத்தையும் எழுத முடியுமாம்மா?”

அவளுக்கு வாதாடத் தெம்பில்லை என்பதுதான் உண்மை. கோப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். லாண்டரி அக்காவுக்கு எழுதியது. ‘உங்கள் இரண்டு மாத பில்களும் சரியாக உள்ளன. முப்பத்தெட்டு விரிப்புக்கான தொகையில் மட்டும் ஆட்சேபம் உள்ளது. மீதித் தொகையை நிறுத்தி வைத்திருப்பதற்கான உரிய காரணம்:’ அதற்குப் பிறகு ஒரு வரி காலி. அதன் கீழே அவர் கையெழுத்துக்கு இடம்.

“பழைய பாலிசிப்படிதான் சார். காரணத்தை நீங்க எழுதிட்டா இன்னிக்கே அனுப்பிடறேன்.”

பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். காலி வரியைப் பார்த்தபடியே இருந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

“மாசக் கடைசில பேங்க் பேலன்ஸ் குறையாம தெரியணும்னு மேல சொல்றாங்க. நான் என்னத்தம்மா எழுதறது?”

“அதையே எழுதுங்க சார்.”

சிரித்துவிட்டார். அது சந்தோஷச் சிரிப்பில்லை. “என் பேரைப் போட்டு இதை எழுதினா என் பொண்டாட்டியே என்னை மதிக்க மாட்டா,” என்றார். கடிதத்தை மடித்து அவளிடமே நீட்டினார். பாலிசியை இழுத்து, முதல் பக்க ஓரத்தில் ‘அப்படியே அனுப்பலாம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். “அந்தம்மா பில்லை இந்த வாரப் பட்டியல்ல சேத்துடு. முப்பத்தெட்டை மட்டும் பிடிச்சுக்கோ. போ, நாளைக்கு...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். “இப்பவே சேத்துடு.”

ஜெயித்த மாதிரியெல்லாம் அவளுக்கு இல்லை. ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி தோள்தான் வலித்தது. பேங்குக்குப் போகும் பட்டியலில் லாண்டரியின் பெயரை ஏற்றினாள், தொகையை இரண்டு முறை சரிபார்த்தாள், பிறகு போனை எடுத்தாள்.

“அக்கா, ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேன்.”

“சொல்லும்மா. ப்ராசஸ்ல இருக்கா?” கேலி கூட இல்லை. பழகிப்போன குரல்.

“இல்லக்கா. வியாழக்கிழமை உங்க அக்கவுண்டுக்கு வந்துடும். முப்பத்தெட்டுக்கு மட்டும் நிறுத்தியிருக்கு. அதுக்குத் தனியா கடிதம் வரும், எங்க எப்போ வந்து பேசணும்னு அதுல இருக்கும்.”

மறுமுனையில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. அக்கா போனை விலக்கி உள்ளே பார்த்துக் கத்தினாள்: “ஏய், வியாழக்கிழமை வருதாம்டி!”

மிஷின் நின்றது. தூரத்திலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது: “எந்த வியாழக்கிழமைன்னு கேளுக்கா!”

அத்தனை சலித்தும் சல்லடையின் வாக்கியத்திலேயே ஒரு ஓட்டை நின்றிருக்கிறது. முகம் தெரியாத யாரோ ஒருத்தி, இரண்டு மாதம் சம்பளம் வாங்காதவள், அதைப் பிடித்துவிட்டாள்.

“இந்த வியாழக்கிழமைக்கா,” என்றாள். “பதினாலாம் தேதி. அவங்ககிட்ட சொல்லுங்க, பதினாலு.”