ஐந்தாம் தேதிக்கு மேல்

கடைகளுக்குக் கணக்கு சாஃப்ட்வேர் போட்டுப் பராமரிக்கும் ஈஸ்வரபாண்டி, சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே அந்த மெயிலைப் படித்தான். உத்தமபாளையம் தேங்காய் மண்டியின் மேனேஜர் சாதியா அனுப்பியிருந்தாள்.

"இருபத்தொன்பதாம் தேதி செய்யவிருக்கும் சிஸ்டம் அப்கிரேடைத் தயவுசெய்து தள்ளிவையுங்கள். மாதக் கணக்கை முடிக்கிற நேரத்தில் புது வெர்ஷனுக்கு மாறினால், ஏதாவது பிசகினால் எங்கே பிசகியது என்று தேடவே முடியாது. ஐந்தாம் தேதிக்கு மேல் வாருங்கள்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் அவனுக்கு அலுப்பாக இருந்தது. அந்த வாரம் இதே காரணத்தோடு வந்த நான்காவது மெயில் இது. கம்பத்திலிருந்து தேனி வரை எல்லோரும் ஐந்தாம் தேதிக்கு மேல்தான் வரச் சொன்னார்கள். இவனோ ஒற்றை ஆள்.

சாதியாவுக்குப் போன் போட்டான்.

"மேடம், அஞ்சுலருந்து ஒம்பது வரைக்கும் எனக்கு நாளே இல்ல. பத்தாந் தேதி வரட்டுமா?"

"பதினொண்ணுக்குள்ள ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடணும்ணே. அதுவரைக்கும் சிஸ்டத்தத் தொட விட மாட்டாக மொதலாளி."

"அப்ப பன்னெண்டு. ஆனா அன்னைக்கு ஞாயித்துக்கெழம."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "சரிண்ணே, வாங்க. நானே வந்து ஆபீசத் தெறக்குறேன். மொதல்ல பேக்கப் எடுத்துட்டு ஆரம்பிங்க."

போனை வைத்தவன் உடனே மனைவி ஜோதிலட்சுமியைக் கூப்பிட்டான்.

"பன்னெண்டாந் தேதி எல்லாரும் வருசநாட்டுக்குப் போறதா இருந்தோம்ல, நீயும் பிள்ளைகளும் மட்டும் போயிட்டு வாங்க. எனக்கு வேல வந்துருச்சு."

"வரும்னு தெரியும்," என்றாள் அவள்.