திருப்பி அனுப்பாத நாலு பெட்டி

வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியை ரேவதி இரண்டு முறை படித்தாள். அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்றி இருபது ரூபாய் வரவேண்டிய இடத்தில் ஐம்பத்திரண்டாயிரத்து சொச்சம்தான் வந்திருந்தது.

கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில் ரேவதியும் அவள் கணவன் வல்லரசும் மரச்செக்கு வைத்துக் கடலையெண்ணெய் ஆட்டி விற்கிறார்கள். வேங்கிக்காலில் கிடங்கு வைத்திருக்கும் செங்கதிர் ஸ்டோர்ஸ்தான் அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர். போன மாதம் இருபது பெட்டி எண்ணெய் போட்டிருந்தார்கள். பெட்டிக்குப் பன்னிரண்டு பாட்டில். கிடங்கில் எண்ணிப் பார்த்து, பில்லில் முத்திரையும் குத்திக் கொடுத்திருந்தார்கள்.

கணக்குப் பிரிவில் இருக்கும் பூஜாவுக்கு ரேவதி போன் போட்டாள்.

"ரிட்டர்ன் கழிச்சிருக்குக்கா. நாலு பெட்டி."

"எந்த ரிட்டர்ன்? எங்களுக்கு ஒரு பாட்டில்கூடத் திரும்பி வரலியே."

"சிஸ்டம்ல அப்படித்தான் காட்டுது. டெபிட் நோட் அனுப்புறேன்."

பணம் பிடித்ததற்குச் சீட்டாக வந்த டெபிட் நோட்டில் ஒரே ஒரு வரி இருந்தது: 'சரக்குத் திரும்பியது, நாலு பெட்டி, பதிமூவாயிரத்து நூற்றி நாலு ரூபாய்.' ஏன் திரும்பியது, எப்போது, எந்த வண்டியில், யார் வாங்கினார்கள் என்று எதுவுமே இல்லை. அதன் கூடவே, சரக்கு திரும்பியதை ஒப்புக்கொண்டு பில் தொகையைக் குறைத்து நீங்கள் கிரெடிட் நோட் போட்டு அனுப்புங்கள் என்று ஒரு கட்டளை வேறு.

"திருடிட்டு ரசீது கேக்குறான் பாருங்க," என்றாள் ரேவதி.

வல்லரசு எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "பெரிய கடைங்க. பகைச்சுக்கினா அடுத்த ஆர்டர் போயிடும். இந்த ஒரு தடவ விட்டுடலாமா?" என்று கேட்டான்.

"இந்த ஒரு தடவ விட்டா அடுத்த மாசம் எட்டுப் பெட்டி திரும்பும்."

அன்று சாயங்காலம் மணியம்மாள் செக்குக்கு வந்தாள். இரண்டு தெரு தள்ளி இருப்பவள். செங்கதிர் கிடங்கில் கூட்டிப் பெருக்கும் வேலை. கால் லிட்டர் எண்ணெய் வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள்.

"திரும்பிச்சுன்னு எழுதினாங்களே, அது கிடங்குலயே கொட்டிப்போன உன் எண்ணெய்தான்டி. கூரை ஒழுகி அடிப்பெட்டி ஊறிப்போச்சு. அடுக்கி வச்சது மொத்தமும் சரிஞ்சி விழுந்துச்சு. பாட்டில் நசுங்கி, மூடி தெறிச்சி, தரையெல்லாம் எண்ணெய். மரத்தூள் கொட்டி நான்தான் வழிச்சேன். வழுக்கி விழுந்து இடுப்பு இன்னும் நோவுது."

ரேவதிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் கூரை ஒழுகியதற்குத் தங்கள் காசு!

"ஆனா நான் சொன்னேன்னு எங்கியும் சொல்லிடாதடி. பொழப்பு போயிடும்," என்றாள் மணியம்மாள்.

"சொல்ல மாட்டேன்கா. சத்தியமா."

மறுநாள் காலை இருவரும் தங்கள் வேனிலேயே வேங்கிக்காலுக்குப் போனார்கள். கொள்முதல் மேலாளர் கண்ணாயிரம் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"லீக்கேஜும்மா. திருப்பி அனுப்பிட்டோம். எல்லா சப்ளையருக்கும் இதான் வழக்கம்."

"யார்கிட்ட அனுப்பினீங்க?"

"உங்க வண்டியிலதான்."

"எங்க வண்டிய ஓட்டுறது இவர்தான். இதோ நிக்கிறாரு. இவர் வாங்கினாரா?"

கண்ணாயிரம் அப்போதுதான் நிமிர்ந்து வல்லரசைப் பார்த்தார். "ஆமா, இவர்தான். மறந்திருப்பாரு."

வல்லரசு முன்னால் வந்தான். "நாலு பெட்டி எண்ணெய ஏத்தினு போயி மறந்துடுவனா சார்? என்னைப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?"

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து முதலாளி சக்கரவர்த்தி வெளியே வந்தார். நெற்றி நிறைய விபூதி. விஷயத்தைக் கேட்டுவிட்டு, சமாதானம் செய்கிற குரலில் சொன்னார்: "ஏம்மா, இவ்ளோ சின்ன விஷயத்துக்கா? பாதி நீங்க ஏத்துக்குங்க, பாதி நாங்க ஏத்துக்குறோம். முடிஞ்சி போச்சு."

முழுப் பணத்தையும் பிடித்தபோது வந்ததைவிட இந்தப் பாதிக்குத்தான் ரேவதிக்கு அதிகமாகக் கோபம் வந்தது.

"சரக்கு திரும்பி வந்திருந்தா முழுசும் எங்களுது. வரலன்னா முழுசும் உங்களுது. இதுல பாதி எங்கேர்ந்து வந்துச்சுங்க ஐயா? திருப்பி அனுப்பினா எங்க ஆள்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கியிருப்பீங்க இல்ல? அதக் காட்டுங்க. நான் பேசாம போயிடுறேன்."

"பிஸியில கையெழுத்து வாங்கல," என்றார் கண்ணாயிரம்.

"சரி. என்னைக்கு அனுப்பினீங்க? அதாச்சும் சொல்லுங்க."

கண்ணாயிரம் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினார். பதில் சொல்லியே ஆகவேண்டும். முதலாளி பக்கத்திலேயே நின்றார். "போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி. சாயங்காலம் ஆறு மணி இருக்கும். நானே நின்னு ஏத்திவிட்டேன்."

ரேவதி வாய் திறக்குமுன் வல்லரசு சொன்னான்: "அன்னிக்கு பௌர்ணமி சார்."

பௌர்ணமியன்று ஊரே திரண்டு மலையைச் சுற்றி நடக்கும். அந்த ஊரில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"மத்தியானத்துலேர்ந்து கிரிவலப் பாதைய அடைச்சிட்டாங்க. எங்க ஊருக்குள்ள பைக்கயே விடல. வேன் வீட்டு வாசல்லதான் நின்னுனு இருந்துச்சு. வெளிய எடுக்கவே முடியாது. நீங்க யார் வண்டியில ஏத்துனீங்க?"

கண்ணாயிரம் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "தேதி... மாத்திப் பதிவாயிருக்கும்."

"நானே நின்னு ஏத்திவிட்டேன்னு இப்பதான் சொன்னீங்க!" ரேவதி முதலாளி பக்கம் திரும்பினாள். "ஐயா, வராத சரக்குக்கு நான் கிரெடிட் நோட் போட மாட்டேன். நான் போடாத வரைக்கும் அந்தப் பில்லு முழுசும் நீங்க எனக்குத் தர வேண்டிய பாக்கிதான். முழு பில்லுக்கும் உண்டான ஜிஎஸ்டி வரிய அரசாங்கத்துக்கிட்ட வரவு எடுத்துட்டீங்க. நூத்தி எண்பது நாளுக்குள்ள பாக்கியத் தரலன்னா அந்த அளவு வரிய வட்டியோட நீங்கதான் திருப்பிக் கட்டணும். எங்க தொழில் சிறு தொழிலா பதிவாயிருக்கு. நாப்பத்தஞ்சு நாள் தாண்டினா சிறு தொழில்காரங்க பாக்கிய விசாரிக்கிற கவுன்சில்ல நாங்க மனு போடலாம். அங்க பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு வட்டி. உங்க ஆடிட்டரக் கேட்டுப் பாருங்க."

சக்கரவர்த்தி யாரையும் கேட்கவில்லை. கண்ணாயிரத்தை முறைத்தார். பிறகு அடுத்த மேசையிலிருந்த கணக்குப் பெண்ணிடம், "பூஜா, இவங்ககிட்ட பிடிச்ச பணத்த இப்பவே போட்டுவிடு. டெபிட் நோட்ட ரத்து பண்ணு," என்றார்.

ரேவதியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தப்பு நடந்துவிட்டது என்றோ, மன்னித்துக்கொள் என்றோ எதுவும் இல்லை. தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாயிரம் மட்டும் மெதுவாக, "அடுத்த மாச ஆர்டர அப்புறம் பாக்கலாம்மா," என்றார்.

"பாருங்க. ஆனா இனிமே ரிட்டர்ன்னா, எங்க கையெழுத்து இல்லாம ஒத்துக்க மாட்டோம். பில்லுலயே அச்சடிச்சித் தர்றோம்," என்றாள் ரேவதி.

இருவரும் வேன் அருகில் வரும்போதே பணம் வந்துவிட்ட செய்தி வந்தது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. தன் காசைத் தானே கேட்டு வாங்குவதற்கு இத்தனை கத்த வேண்டியிருந்ததே என்ற எரிச்சல்தான் நெஞ்சில் நின்றது.

பின்னால் பூஜா வேகமாக ஓடிவந்தாள். திரும்பித் திரும்பிக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டாள்.

"அக்கா, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. இந்த மாசம் உங்களுக்கு மட்டும் இல்ல. அப்பளம் போடுற உண்ணாமலையம்மாவுக்கும் இதே மாதிரி பணம் பிடிச்சிருக்கு. அவங்க பாவம், கேட்டதும் கிரெடிட் நோட்ட அனுப்பிட்டாங்க."

"சரக்கு அவங்களுக்குத் திரும்பிப் போச்சா?"

பூஜா இல்லை என்று தலையை ஆட்டினாள். உடனே உள்ளே ஓடிவிட்டாள்.

வல்லரசு வேனைக் கிளப்பினான். "வீட்டுக்குத்தான? ஆட்ட வேண்டிய கடலக்கொட்ட வெயில்ல காயுது."

"காயட்டும். முதல்ல உண்ணாமலையம்மா வீட்டுக்கு ஓட்டுங்க," என்றாள் ரேவதி.