பிழையே இல்லாத நிருபர்

முதல் வரியிலேயே மூன்று பிழைகள். ‘இறுதி போட்டியில் லாலாகுடா வீரர்கள் வெல்ல முயற்ச்சி செய்தார்.’

உதவி ஆசிரியர் ஹம்சாவின் விரல்கள் பறந்தன. ‘இறுதிப் போட்டி.’ ‘முயற்சி.’ ‘செய்தனர்.’ பிறகு ஸ்கோர் அட்டையைப் பக்கத்தில் திறந்தாள். இரண்டாவதாக ஆடிய பாலாநகர் அணி ஐந்து விக்கெட் கையிலிருக்க வென்றிருந்தது. நிருபர் உமேஷ் எழுதியிருந்தது: ‘5 ரன் வித்தியாசத்தில்.’ அதையும் மாற்றினாள்.

அவள் வேலை பார்க்கும் செய்தி ஆப்பின் தமிழ்ப் பிரிவில் ஒரு விதி உண்டு. உதவி ஆசிரியர் பிடிக்கும் ஒவ்வொரு பிழையையும் நிருபரின் பெயருக்கு எதிரே குறிக்க வேண்டும். மாதம் நாற்பதைத் தாண்டினால் ஒப்பந்தம் நீடிக்காது.

உமேஷின் பெயருக்கு எதிரே இரண்டு வருடமாக ஒரு குறியும் விழவில்லை. திருத்துவாள், குறிக்க மாட்டாள். தெலுங்கு மீடியத்தில் படித்துவிட்டு, தமிழை வீட்டில் கற்றுக்கொண்டவன். மைதானம் மைதானமாக சைக்கிளில் சுற்றுபவன். பாவம், போகட்டும் என்று விட்டிருந்தாள்.

திங்கள் காலை செய்தி ஆசிரியர் வைத்தியநாதன் அவள் மேஜைக்கு வந்தார்.

“உன் வேலை பாதி குறைஞ்சுது, ஹம்சா. பிழையே இல்லாத நிருபர்கள் இனி நேரா பிரசுரிக்கலாம்னு மேலிட உத்தரவு. நம்ம பிரிவுல ஒருத்தன்தான். உமேஷ்!”

ஹம்சா நாற்காலியிலிருந்து எழுந்தாள். “சார், வேண்டாம்…”

“ஏன், பொறாமையா?” சிரித்துக்கொண்டே போனார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டு வருடப் பதிவும் பொய் என்றாகும். நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள்.

செவ்வாய் மதியம் உமேஷின் செய்தி யாரும் தொடாமல் வெளியானது. பத்து நிமிடத்தில் அதன் படம் எல்லா குரூப்பிலும் சுற்றியது. இருபத்தாறு பிழைகள். வென்ற அணிக்கு ரன் கணக்கு தப்பு. தோற்ற அணியின் கேப்டன் ‘கோப்பையை வென்றார்.’

ஹம்சா எழுந்து ஓடினாள். வைத்தியநாதனிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அவன் ஒப்பந்தத்தை மேலிடமே முடிச்சிடுச்சு. நீ சொன்னது இந்த ரூமோட இருக்கட்டும். இல்லேன்னா உன் சீட்டும் போகும். போய் வேலையைப் பாரு.”

வெளியே வந்ததும் போன் அடித்தது. உமேஷ்.

“அக்கா, என்ன ஆச்சு? எப்பவும் போலதானே எழுதினேன்?”

“உமேஷ்… எப்பவும் நான்தாண்டா திருத்துவேன்.”



“எவ்ளோ அக்கா? ஒண்ணு, ரெண்டா?”

“தினமும் இருபது இருக்கும்.”

“இருபதா? ஹவ்லே மாதிரி, முட்டாளா, நான் சரியா எழுதுறேன்னுல்ல நினைச்சுட்டு இருந்தேன். அம்மாகிட்ட பெருமையா படிச்சுக் காட்டுவேன்.” குரல் உடைந்தது. “ஒரு தடவையாச்சும் சொல்லியிருக்கலாமே அக்கா. கத்துக்கிட்டிருப்பேனே.”

“இப்போ சொல்றேண்டா…”

“நக்கோ அக்கா. இனி வேண்டாம்.”

போன் வைக்கப்பட்டது.