முதல் பரிசின் மறுபாதி

“மாமா, இந்தப் பொட்டிக்குள்ள எம் பேரு எத்தனை பேருக்கு அடியில கெடக்கும்?”

கேட்டது நாகவல்லி. ஆசாரிமார் தெருவிலிருந்து அம்மாவோடு கடைக்கு வந்திருந்தாள். ஒன்றாம் வகுப்பு. வீரையா பில் போட்டுக்கொண்டே சிரித்தார்.

“அடியில எல்லாம் கெடக்காது தாயி. குலுக்கி எடுக்கும்போது எல்லாம் மேல கீழ வரும்.”

“அப்ப சரி” என்று அவள் சமாதானமானாள்.

அது 1973ஆம் வருஷத் தொடக்கம். காரைக்குடியில் அன்னம் சூப்பர் மார்க்கெட் திறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய், வேண்டிய சாமானை நாமே எடுத்துக்கொண்டு வந்து, வாசலில் பணம் கட்டும் கடை. “எடுக்கிற நேரத்துல யாரும் பாக்க மாட்டாகளா?” என்று வியந்தவர்களும் உண்டு, வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் பழைய மளிகைக் கடைக்கே போனவர்களும் உண்டு. அவர்களையும் உள்ளே வரவழைக்க முதலாளி சொக்கலிங்கம் செட்டியார் பொங்கலுக்கு ஒரு பரிசுக் குலுக்கல் வைத்தார். விதிமுறைகளை எழுதும் பொறுப்பை மானேஜர் வீரையாவிடம் விட்டார். வீரையா எழுதியது அச்சாகி, கடை வாசலில் இப்படி ஒட்டப்பட்டிருந்தது:

“பொங்கல் பரிசுக் குலுக்கல். முதல் பரிசு: தையல் மிஷின். இரண்டாம் பரிசு: பிரஷர் குக்கர். மூன்றாம் பரிசு: எவர்சில்வர் குடம். ஒரே பில்லில் பத்து ரூபாய்க்குச் சாமான் வாங்குவோருக்கு ஒரு கூப்பன் இலவசம். கூப்பனின் ஒரு பாதியில் பெயரும் விலாசமும் மையால் எழுதிப் பெட்டியில் போடவும். அதே எண்ணுள்ள மறுபாதியைப் பத்திரமாக வைத்திருக்கவும். கடைசி நாள்: ஜனவரி 13 சனிக்கிழமை இரவு 8 மணி. அதன்பின் பெட்டி வாடிக்கையாளர் இருவர் முன்னிலையில் அரக்கு முத்திரையிடப்படும். குலுக்கல்: ஜனவரி 21 ஞாயிறு மாலை 5 மணி, கடை வாசலில். வெற்றி பெறும் எண்ணும் பெயரும் கூடியிருப்போர் முன் படிக்கப்படும். சிறுவர் பெயருக்கு விழும் பரிசைப் பெற்றோர் வாங்கிக்கொள்ளலாம். ஜனவரி 31 மாலைக்குள் மறுபாதியைக் கொண்டுவராவிட்டால், மறுநாள் அந்தப் பரிசுக்கு மட்டும் மீண்டும் குலுக்கப்படும். மறுபாதி இல்லாமல் எக்காரணம் கொண்டும் பரிசு தரப்படமாட்டாது. கடைச் சிப்பந்திகளும் அவர்கள் குடும்பத்தாரும் கலந்துகொள்ள இயலாது.”

‘எக்காரணம் கொண்டும்’ என்பதை வீரையா கடைசியில்தான் சேர்த்தார். நாளைக்கு ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்று நினைத்தார்.

நாகவல்லியின் அம்மா பொன்னுத்தாயி, தெருப் பெண்களுக்கு ஜாக்கெட்டைக் கையாலேயே தைத்துக் கொடுப்பவள். “பிள்ளை பேருல போட்டா ராசி” என்று சொல்லித்தான் மகளை அழைத்து வந்திருந்தாள். வீரையா தம் பேனாவைக் கொடுத்தார். அதுவரை சிலேட்டில் மட்டுமே எழுதியிருந்த பிள்ளை, நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, பெரிது பெரிதாகத் தன் பெயரை எழுதினாள். கடைசி ‘லி’க்கு இடமில்லாமல் கீழே இறக்கி எழுதினாள். விலாசத்தை வீரையா எழுதினார். மறுபாதியை அவள் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். வீடு போய்ச் சேரும்வரை திறக்கவில்லை என்று பொன்னுத்தாயி பிறகு சொல்லிச் சிரித்தாள்.

மாட்டுப் பொங்கலன்று பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. பெரிய டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். மூளைக் காய்ச்சல் என்றார்கள். புதன்கிழமை பொழுது சாயும்போது எல்லாம் முடிந்துவிட்டது. வீரையாவும் போயிருந்தார். நாகவல்லியின் அப்பா சிதம்பரம் ஆசாரி அழக்கூடத் தெரியாமல் பட்டறை உளிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

கூப்பன் நினைவு அப்போது யாருக்கும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாசல் கொள்ளாத கூட்டம். மைக்செட் ஆசைத்தம்பி விளக்குக் கம்பத்தில் ஒலிபெருக்கியைக் கட்டியிருந்தான். அதன் வாய் ஆசாரிமார் தெருவைப் பார்த்திருந்தது. முத்திரையைக் காட்டிவிட்டு உடைத்தார்கள். கூப்பன்களை ஒரு பீப்பாயில் கொட்டி உருட்டினார்கள். எடுப்பதற்குக் கூட்டத்திலிருந்து கீரை விற்கும் பிச்சையம்மாளை அழைத்தார்கள்.

“கண்ணைக் கட்டுங்கப்பா, கெழவி எழுத்துக் கூட்டிப் படிச்சு எடுத்துறப் போறா!” என்று ஒரு குரல்.

“எழுதப் படிக்கத் தெரிஞ்சா நான் ஏன்டா ஒனக்குக் கீரை குடுத்துட்டு இன்னும் காசுக்கு நிக்கிறேன்?” என்றாள் பிச்சையம்மாள். கூட்டம் சிரித்தது.

எவர்சில்வர் குடம் கல்லுக்கட்டித் தெருக்காரர் ஒருவருக்குப் போயிற்று. குக்கர் ஒரு வாத்தியாருக்கு. வீரையா மைக்கில் எண்ணையும் பெயரையும் படித்தார்; ஒலிபெருக்கி அதைத் தெரு முனைவரை கொண்டுபோயிற்று.

மூன்றாவதாக வந்த சீட்டை வாங்கிப் பார்த்தார். கீழே இறங்கிய ‘லி’யைத்தான் முதலில் கண்டார்.

படிக்காமல் இருக்க முடியாது. திரும்பப் பீப்பாயில் போடவும் முடியாது. அது பிள்ளையின் பங்கு. ஆனால் ஒலிபெருக்கி அங்கே, அந்த வீட்டைப் பார்த்து நிற்கிறது. உள்ளே ஒரு தாய் படுத்துக் கிடக்கிறாள். செத்த பிள்ளையின் பெயரை முதல் பரிசு என்று ஊர் அவள் காதில் கூவுவதா?

“ஆசைத்தம்பி, வயரைப் பிடுங்கு” என்றார் மெதுவாக.

“அண்ணே, முதல் பரிசுண்ணே!”

“பிடுங்குப்பா.”

ஒலிபெருக்கி ஒரு தரம் கரகரத்து அடங்கியது. வீரையா வெறும் குரலில் எண்ணைப் படித்தார். பெயருக்கு வந்ததும் சீட்டைக் கீழே இறக்கினார்.

“கேக்கல! பேரு என்ன?”

“மைக்கை ஏன்யா நிறுத்துனீக?” புதுவயல் ரைஸ்மில் லாரி ஓட்டும் மலையாண்டி முன்னால் தள்ளிக்கொண்டு வந்தான். “மொதலாளி வீட்டுச் சீட்டாக்கும்? நாங்க என்ன கேனயனுகளா? எட்டுக் கூப்பன் போட்டிருக்கேன் நான்!”

கூட்டம் அவன் பின்னால் நின்றது. செட்டியாரே எழுந்துவிட்டார். வீரையா சீட்டை மலையாண்டியிடம் நீட்டினார்.

“நீங்களே படிங்க. ஆனா மெதுவாப் படிங்க.”

மலையாண்டி வாங்கினான். படித்தான். விலாசத்தையும் படித்தான். அந்தத் தெரு வழியாகத்தான் அவன் தினமும் லாரியை எடுத்துப் போவான். வியாழக்கிழமை காலை வண்டியை நிறுத்தி, அந்தச் சின்ன ஊர்வலத்துக்கு வழிவிட்டு நின்றவன்.

அவன் கூட்டத்தின் பக்கம் திரும்பினான்.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆசாரிமார் தெரு, நாகவல்லி” என்றான். பக்கத்தில் நிற்பவனுக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னான். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

ஒருவரும் கை தட்டவில்லை. பிச்சையம்மாள் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். “எங் கை போயி அதை எடுக்கணுமா?” என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீரையா உடனே பொன்னுத்தாயி வீட்டுக்குப் போகவில்லை. ஒரு வாரம் விட்டார். ஊரில் வேறு யாருக்கும் அந்த வீட்டில் போய்ச் சொல்ல மனம் வரவில்லை. 31ஆம் தேதி நெருங்கியது. போகாவிட்டால் அவர்களுக்கு உரியது அவர்களுக்குத் தெரியாமலே போய்விடும். கொப்புடையம்மன் கோயிலில் நின்று, என்ன சொல்வது என்று அம்மனிடமே கேட்டுவிட்டு ஆசாரிமார் தெருவுக்கு நடந்தார்.

சிதம்பரம் வேலைக்குப் போயிருந்தார். வாசலில் கோலம் இல்லை. பொன்னுத்தாயி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நிலைப்படியோரம் நின்றாள். வீரையா சுற்றி வளைக்காமல் சொன்னார். அவள் அழவில்லை.

“அன்னிக்கு மைக்செட் சத்தம் கேட்டுச்சுண்ணே. கொடம் சொன்னாக, குக்கர் சொன்னாக. அப்புறம் நின்னுபோச்சு. கரண்டு போயிருச்சுன்னு நெனச்சேன்.”

வீரையா தண்ணீர்ச் சொம்பின் பக்கம் குனிந்துகொண்டார். அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கரண்டு போகவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை.

“மறுபாதியை எடுத்துக்கிட்டு வாங்கம்மா. மிஷினை வீட்டுக்கே கொண்டாந்து எறக்கச் சொல்றேன்.”

“அது இல்லண்ணே.”

“தேடிப் பாருங்க.”

“தேட வேண்டாம். காய்ச்சல்லயும் தலகாணிக்கு அடியில வச்சிருந்தா. அதை எடுத்து அவ கையிலயே குடுத்துத்தான் அனுப்புனோம்.”

உள்ளே எங்கோ ஒரு பாத்திரம் காற்றில் உருண்டது. ‘எக்காரணம் கொண்டும்’ என்று தாம் எழுதிய அந்த இரண்டு வார்த்தைகள் வீரையாவின் கண் முன் வந்தன.

“மொதலாளிகிட்டச் சொல்றேன். அவுக தர்றேம்பாக. யாரும் கேக்க மாட்டாக” என்றார்.

“வேற யாராச்சும் பாதி இல்லாம வந்து நின்னா குடுப்பீகளா?”

“மாட்டேன்.”

“அப்ப எங்களுக்கும் வேணாம். அவ பேருல ஒரு கொறை வரவேணாம். சந்தைக்குப் போறவன் வாரவன் எல்லாம் அதைச் சொல்லுவான்.” சேலைத் தலைப்பைப் பிசைந்தாள். “பொட்டியில போட்ட சீட்டு... அதை அவதானே எழுதுனா?”

“அவதாம்மா. பேரு பூராவும் அவ எழுத்து.”

“சிலேட்டுல எழுதுனதையெல்லாம் அவளே எச்சி தொட்டு அழிச்சுருவாண்ணே. அவ எழுதுனதுன்னு இந்த வீட்டுல ஒண்ணுமே இல்ல.”

வீரையாவால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்தார்.

“மறுகுலுக்கல் முடியிற வரைக்கும் அந்தச் சீட்டு கடைக் கணக்குல இருக்கணும்மா. யாரும் கேட்டா காட்டணும். முடிஞ்ச அன்னிக்கே நான் கொண்டாந்து தாரேன்.”

“இருக்கட்டும்ண்ணே. முறைப்படியே செய்யிங்க” என்றாள்.

பிப்ரவரி முதல் தேதி மறுபடி பீப்பாய் உருண்டது. எடுக்க மாட்டேன் என்றாள் பிச்சையம்மாள், வேறொருத்தி எடுத்தாள். புதுவயல் மில்லில் நெல் புடைக்கும் காளியம்மாளுக்கு மிஷின் விழுந்தது. அவள் மறுபாதியை முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்து நீட்டினாள். எண் சரியாக இருந்தது. மலையாண்டி தன் லாரியிலேயே மிஷினை ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்தான், கூலி வாங்கவில்லை.

அன்று சாயந்திரம் கடையைப் பூட்டிவிட்டு, மீதிக் கூப்பன்களை எரிக்கும் முன்னால், செட்டியாரின் அனுமதியோடு வீரையா அந்த ஒரு சீட்டை எடுத்தார். சுருங்காமல் இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுபோனார். பொன்னுத்தாயி இரண்டு கையாலும் வாங்கினாள். எழுத்துகளின் மேல் விரலை வைத்து, பிள்ளை எழுதிய வழியிலேயே ஓட்டினாள். கீழே இறங்கிய எழுத்து வந்ததும் விரல் நின்றது. அப்போதுதான் அழுதாள். சிதம்பரம் விளக்கை அருகே தள்ளி வைத்தார்.

வீரையா சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தார்.

மாசி கழிந்தது. பங்குனியின் முதல் வெள்ளிக்கிழமை, தெரு இன்னும் விழிக்காத வேளையில், பொன்னுத்தாயி ஒரு வாளித் தண்ணீரும் துடைப்பமும் மாவுக் கிண்ணமுமாகச் சூப்பர் மார்க்கெட் வாசலுக்கு வந்தாள். அவள் வீட்டு வாசல் இன்னும் கோலமில்லாமல் வெறுமையாகத்தான் இருந்தது. பூட்டியிருந்த கடையின் முன்னே கூட்டினாள்; காகிதத் துண்டுகளையும் வாழை நாரையும் ஓரமாய் அள்ளினாள்; தண்ணீர் தெளித்தாள். ஈரம் அடங்கும்வரை காத்திருந்து, குனிந்து, புள்ளி வைத்துச் சின்னதாக ஒரு கோலம் போட்டாள். ஒரு கோடு தப்பியதைப் புறங்கையால் அழித்துத் திரும்பவும் இழுத்தாள். முடிந்ததும் ஒலிபெருக்கி கட்டியிருந்த கம்பத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு மாவுக் கையை வாளியில் மிச்சமிருந்த தண்ணீரில் கழுவிக்கொண்டு, யாரும் வருவதற்கு முன் வீட்டுக்குப் போனாள்.